ஓரகத்தி கடைக்கு நான் எழுதிய பாட்டு

எங்கள் வீட்டு முன்னறைக்கு ஷட்டர் உண்டு. ஒரகடம் போகிற கம்பெனி பஸ்கள் திரும்புகிற ரோட்டைப் பார்த்த அறை அது. அதில் செல்போன் கடை வைத்திருந்தவர், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் பெரிய இடம் கிடைத்துப் போய்விட்டார். அதிலிருந்து ஷட்டர் மூடியே கிடந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பேன். பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது எனக்கு மட்டும் திறந்துகொள்ளும். உள்ளே என் தையல் மிஷின், சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி, மூலையில் திரை கட்டி ஒரு மறைவிடம். போர்டுக்கு என்ன நிறம் என்பதுகூட முடிவாகிவிட்டது. மாமனாரிடம் கேட்பது மட்டும்தான் பாக்கி. நல்ல நாள் பார்த்துக் கேட்கலாம் என்று இருந்தேன். நான் நாள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கேட்டுவிட்டாள்.

அவள் என்றால் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. சிவகங்கைப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு பார்ட்ஸ் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் வேலைக்கு வந்து, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, அதே கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்த என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். கல்யாணமான கொஞ்ச நாளில் கான்ட்ராக்ட் முடிந்தது என்று அவளை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வேறு கம்பெனி. ஒயர் செட் தயாரிக்கிற இடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை, பர்மனென்ட். அந்த ஒரு சொல்தான் பிற்பாடு என் கழுத்தை அறுத்தது.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் கொடுக்கிற யூனிஃபார்மைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். யாருக்கும் அது சரியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒல்லிப் பையனுக்கு இடுப்பில் நிற்காத பேன்ட், குட்டைப் பெண்ணுக்கு முட்டி வரைக்கும் சட்டை. தொளதொளவென்று போட்டுக்கொண்டு மிஷின் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் வேறு திட்டுவார். ஆக, சேர்ந்த முதல் வாரமே எல்லாரும் டெய்லரைத் தேடுவார்கள். ஓரகத்தி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த காலத்தில், ஹாஸ்டல் பெண்களின் யூனிஃபார்ம்களை வாங்கி வந்து பிடித்துத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். எந்த மிஷினில் என்று கேளுங்கள். என் மிஷினில். எனக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த மிஷினில்.

நான் ஷிஃப்டுக்குப் போன நேரத்தில் தைப்பாள். கேட்டுவிட்டுத்தான் தைத்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் விடுவாள், துணியால் துடைத்தும் வைப்பாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேலை முடிந்து வந்து, தெருப் பெண்கள் கொடுத்த அரக்கு நிற ஜாக்கெட்டைத் தைக்க உட்காருவேன். மேல்நூலை மாற்றிக் கோத்து மிதித்தால், அடியில் பாபினில் யூனிஃபார்முக்காக அவள் சுற்றிய கருநீல நூல் இருக்கும். ஜாக்கெட்டின் உள்பக்கம் முழுக்கக் கருநீலப் புள்ளி. பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டும். எத்தனையோ தடவை சொல்லியும் அவளுக்கு அந்தப் பாபினைக் கழற்றிவைக்கிற பழக்கம் வரவே இல்லை.

முன்னறையை அவளுக்குக் கொடுக்கிறேன் என்று மாமனார் சொன்னபோது காரணத்தையும் சொன்னார். எனக்கு நிலையான வேலை இருக்கிறது, அவளுக்கு இல்லை. அவ்வளவுதான். அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. என் பக்கம் நியாயம் இருந்திருந்தால் நாலு சண்டை போட்டு, மூக்கைச் சிந்தி, ஆறியிருப்பேன். நியாயம் அவர் பக்கம் இருந்ததால் வயிற்றெரிச்சலை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. அவள் போர்டு வேறு எழுதச் சொல்லிவிட்டாள். நான் நினைத்த அதே பச்சை.

இந்த லட்சணத்தில்தான் பாட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் பாட்டு எழுதுகிறவள். சினிமாவுக்கு இல்லை, புத்தகத்துக்கும் இல்லை. கம்பெனியில் ஒரு ஆயுத பூஜைக்கு எங்கள் லைன் பெண்கள் பாட என்று கும்மி மெட்டில் எழுதிக் கொடுத்தேன். அதை யாரோ போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க, அதிலிருந்து ஆரம்பித்தது. புதுக்கடையோ புதுவண்டியோ எது வந்தாலும் பூஜையின்போது பாட ரெண்டு வரி கேட்டு வந்துவிடுவார்கள். மணிமங்கலத்திலிருந்துகூட வந்திருக்கிறார்கள். கும்மி மெட்டு ஏன் என்றால், அது எல்லாருக்கும் தெரியும். கேட்ட உடனே கூடப் பாடலாம். வாழ்த்து என்பது நின்று கேட்பதற்கு இல்லை, கூடச் சேர்வதற்கு.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: அதிர வேண்டும். பக்கத்துத் தெரு ஷேர் ஆட்டோக்காரர் முதல் ஆளாக வந்தபோது, தன் வண்டியைச் சிங்கம் என்று எழுதச் சொன்னார். எழுதித் தருகிறேன், ஆனால் பூஜையை எங்கே போடப் போகிறாய் என்று கேட்டேன். ஸ்டாண்டில் என்றார். அங்கே மற்ற ஆட்டோக்காரர்கள் எல்லாரும் சுண்டல் வாங்க நிற்பார்களே, நீ சிங்கம் என்றால் அவர்கள் என்ன, ஆட்டுக்குட்டியா என்றேன். மறுநாளிலிருந்து வரிசையில் அவருக்கு யார் இடம் விடுவார்கள்? யோசித்தார். கடைசியில் அந்தப் பாட்டில் சிங்கம் வரவில்லை, வரிசையில் இடம் கொடுத்த ஸ்டாண்டுக்காரர்களுக்கு நன்றி வந்தது. வேகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. விபத்து வரக் கூடாது என்றும் எழுதவில்லை. வேண்டாத சொல்லை வேண்டாம் என்று சொல்வதற்காகக்கூட வாழ்த்தில் எடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக இப்படி வைத்தேன்:

நிற்க நினைத்த இடத்திலே நிற்கணும்
ஏறின பேரெல்லாம் வீடு சேரணும்

பிரேக்கும் அதில் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. சொல் மட்டும் மங்கலமாக இருக்கிறது.

நான் எழுதுகிற முறையைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். முதலில் பிள்ளையார், அப்புறம் ஊர் அம்மன். சாமிக்கு உத்தரவு போடக் கூடாது, கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அடுத்தது இடம். இதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார், அவர் என்ன விட்டுப்போனார். பிறகுதான் நன்றி, பாட்டின் உடம்பே அதுதான். கைகொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும், என்ன கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், எவ்வளவு என்பதைச் சொல்லக் கூடாது. வரிசை முக்கியம். காசுக்காரரைப் பெற்றவர்களுக்கு முன்னால் வைத்தால் வீட்டில் கலகம். யாரையாவது மறந்திருப்போம் என்பதற்காக, பேர் சொல்லாத பேருக்கெல்லாம் என்று ஒரு வரியை எப்போதும் கையில் வைத்திருப்பேன். கடைசியில்தான் வேண்டுதல். வருகிறவருக்கு முதலில் கேட்டுவிட்டு, கடைக்காரருக்குப் பிறகு கேட்க வேண்டும், அதுவும் போதுமான அளவுக்கு. முதல், பெரிய, இதுபோல் வேறில்லை, இந்த மூன்றும் என் பாட்டில் வராது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்பார்கள். பெருமை பேசுகிற பாட்டு கண்ணடியை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற பாட்டு.

இதை எல்லாருக்கும் வியாக்கியானம் செய்தவள்தான் நான். இந்தத் தடவை கண்ணே நான்தான்.

மாமனார்தான் கேட்டார். அவர் கேட்டால் மறுக்க முடியாது. மறுத்தால் எனக்குப் பொறாமை என்று தெருவே சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எழுதிக் கொடுத்து, கடை நன்றாக ஓடாமல் போனாலும் என் பாட்டைத்தான் சொல்வார்கள். அறம் வைத்துப் பாடிவிட்டாள் என்பார்கள். மனசில் எரிச்சலோடு பாடுகிற வாழ்த்து சாபத்தின் வேலையைச் செய்யும் என்று நம்புகிற ஊர் இது. நானும் இந்த ஊர்க்காரிதான், எனக்கும் அதில் பாதி நம்பிக்கை உண்டு.

கொழுந்தன் வேறு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, ஒரகடமே அலறணும். கொஞ்சம் கெத்தா வையி."

நான் இருந்த நிலைமையில் அது வசதியாகப் போயிற்று. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினேன். ஊரெல்லாம் வியக்கும் கடை, உள்ளே நுழைந்தால் ராஜா ராணி ஆகலாம், இதற்கு நிகர் எங்கே சொல்லு என்றெல்லாம் வந்து விழுந்தது. வேகமாக வந்தது. உள்ளுக்குள் பொறாமை இருந்தால் வாய் புகழத் தொடங்கிவிடும், அது தெரியாமலிருக்க. என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் டிரைவர். சாப்பிட்டுக்கொண்டே தாளை எட்டிப் படித்தார்.

"இன்னாமே இது, எலெக்‌ஷன் பாட்டா? இதுல தையல் மிஷினு எங்க கீது?"

உண்மையிலேயே அந்தப் பாட்டில் மிஷின் இல்லை. ஊசி இல்லை, நூல் இல்லை. பூசணிக்காய் வியாபாரத்துக்கும் அதைப் பாடலாம். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது தாளில் என் சொந்த வழிக்குத் திரும்பினேன். அடக்கம். அடக்கத்தில் எனக்கு மிஞ்சி ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு எழுதினேன். தையல் கடைக்கு வாழ்த்து எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வெட்டு, கத்தரி, கிழிசல், பிரிப்பது, இந்தத் தொழிலில் பாதிச் சொல் வாழ்த்துக்கு ஆகாது. ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி இருக்கிற வீட்டின் வாசலில் நின்று பிரித்துத் தைப்போம் என்று பாட முடியுமா? அந்தச் சொற்களை எல்லாம் கவனமாக ஒதுக்கினேன். ஒதுக்கிவிட்டு இப்படிப் பல்லவி வைத்தேன்:

சின்னக் கடையிது சின்ன மிஷினிது
சின்ன மனசிலே சின்ன ஆசை

மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு பெருமைச் சொல் கிடையாது. அமங்கலம் எதுவும் இல்லை. எனக்கே பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்தது என்றால், அன்றைக்கு ஷிஃப்டில் ஒயரைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் முனகிக்கொண்டிருந்தேன்.

தாளை ஓரகத்தியிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "நல்லாருக்குக்கா" என்றாள். மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

எங்கள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அவள் படித்துக் காட்டியது கேட்டது. கொழுந்தன் சொன்னதும் கேட்டது.

"அண்ணிக்கு வயிறு காந்துது. அதான் எல்லாத்தையும் சின்னது சின்னதுன்னு எழுதிக்கீது."

அவள் ஏதோ சொல்லி அவனை அடக்கினாள். அது எனக்குக் கேட்கவில்லை. கேட்டது போதுமானதாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அடக்கமாக எழுதினால் பொறாமையா? சிங்கம் என்று எழுதக் கேட்ட ஆட்டோக்காரருக்குக்கூட இந்தப் பாடத்தைப் புரியவைத்தேன், என் வீட்டில் ஒருவனுக்குப் புரியவில்லையே என்று அடுப்பைத் துடைத்துக்கொண்டே திட்டினேன். ஆனால் திட்டத் திட்ட அந்தப் பல்லவி காதில் ஓடிக்கொண்டே இருந்தது. சின்னக் கடை. சின்ன மிஷின். சின்ன மனசு. யாருடைய மனசு சின்னது? அவளுடையது என்றுதானே பாட்டு சொல்கிறது? நம் கடையை நாமே சின்னது என்றால் அடக்கம். அடுத்த வீட்டுக் கடையைப் போய்ச் சின்னது என்றால் அதற்குப் பேர் வேறு. கொழுந்தனுக்கு வெண்பா தெரியாது, வயிற்றெரிச்சல் தெரிந்திருக்கிறது.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்தப் பாட்டில் நன்றி ஒன்றுகூட இல்லை. பாட்டின் உடம்பே அது என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், உடம்பில்லாமல் தலையையும் காலையும் மட்டும் எழுதியிருக்கிறேன். ஏன் என்று எனக்குத் தெரியும். யாருக்குப் பாட்டு எழுதினாலும் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, யார் யார் என்று கேட்பேன். அதைக் கேட்காமல் ஒரு வரி எழுத மாட்டேன். இந்தத் தடவை கேட்கவில்லை. ஒரே வீடு, எனக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து, உனக்கு யாரெல்லாம் நல்லது செய்தார்கள் என்று என் வாயால் கேட்க எனக்கு இஷ்டம் இல்லை. அவளுக்கு நல்லது நடந்ததே எனக்குப் பிடிக்காதபோது, நடத்தியவர்களின் கணக்கை எப்படிக் கேட்பது?

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். அவள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய புது மிஷின் அட்டைப்பெட்டி பிரிக்காமல் ஓரமாக இருந்தது. மோட்டார் வைத்தது. என்னுடையது மிதிக்கிறது. அதையும் பார்த்துத் தொலைத்தேன்.

பாட்டை மாற்றப் போகிறேன், யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் சொல் என்றேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏற்கெனவே நினைத்து வைத்திருந்தவள்போலச் சொன்னாள்.

மாமா இடம் கொடுத்தார் என்று தொடங்கினாள். செல்போன் கடைக்காரர் கழற்றி எடுத்துப்போக வேண்டிய மரப்பலகைகளை, துணி அடுக்க ஆகும் என்று விட்டுப்போனார். ஹாஸ்டல் வாசல் செக்யூரிட்டி அக்கா, வெளியாளை உள்ளே விடக் கூடாது என்ற இடத்தில், அளவெடுக்க என்று இவளைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஹாஸ்டலில் முன்பு இவளுடன் ஒரே அறையில் இருந்த ராமநாதபுரத்துப் பெண், இவளுக்கு வேலை போன அன்று, நன்றாகவே இருந்த தன்னுடைய பேன்டைக் கொண்டுவந்து, லூசாக இருக்கிறது பிடித்துக் கொடு என்று பொய் சொன்னாள். அதுதான் முதல் போணி. இதைச் சொல்லும்போது ஓரகத்தி சிரித்தாள், கண்ணையும் துடைத்தாள்.

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். வேறு யாராவது என்று கேட்டேன். அம்மா சொன்னாள், பட்டனுக்குக் காஜா எடுக்கப் பழக்கிய ஊர் டெய்லர் சொன்னாள். வேறு என்று மறுபடி கேட்டேன். நான் எதற்காகக் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"இம்புட்டுத்தேன்க்கா" என்றாள். தலையைக் குனிந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

செக்யூரிட்டியின் நாற்காலிக்குக்கூட நன்றி உண்டு. செல்போன்காரரின் பலகைக்கு உண்டு. என் தாய்வீட்டு மிஷினுக்கு இல்லை. ஷிஃப்ட் ஷிஃப்டாக என் மிஷினில் மிதித்தது, என் ஊசி, என் எண்ணெய், ஒன்றும் இல்லை. எனக்கு ஏற்கெனவே இருந்த எரிச்சலாவது கடையைப் பற்றியது. இது நேராக நெஞ்சில் வந்து நின்றது. நானே எழுதிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. எழுதுகிறவள் தனக்குத்தானே நன்றி வைத்துக்கொண்டால் அதைவிடக் கேவலம் உலகத்தில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு பாட்டு தானாக வந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைதான், இருந்தாலும் தொட்டில் ஒழுங்காக ஆடியது. கடையைச் சின்னது என்று எங்கேயும் சொல்லவில்லை. பெரியது என்றும் சொல்லவில்லை. கொடுத்தவர்களைச் சொல்லிக்கொண்டே போனால், வாங்கியவர் தானாக ஓரத்தில் பணிவாக நின்றுவிடுகிறார். இதுவரைக்கும் எனக்கே சரியாகத் தெரியாமல்தான் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

பலகை அலமாரி விட்டுக் கொடுத்தவர்
போன இடமெல்லாம் பூ மலர
சரியா யிருந்ததைத் தொளதொள என்றவள்
சாமி வாசலில் வாழ்ந்திருக்க

பாடப் போவது அவளும் வீட்டுப் பெண்களும். அதனால் எல்லாவற்றையும் அவர்கள் வாயில் வருவதாக, எங்கள் கடை, எங்கள் வாசல் என்று எழுதினேன். அந்த எங்களில் நானும் நின்று பாட வேண்டும். அது ஒன்றும் சுலபமாக இல்லை. வேண்டுதலில் இப்படி முடித்தேன்:

வந்தவர் சட்டை அளவா யிருக்கணும்
எங்கள் ஆசையும் அளவா யிருக்கணும்

இந்த வரி வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைப் போய் அவள் கடைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. ஒளித்துவைத்து வேறு யாருக்காவது வைக்கலாமா என்று பார்த்தேன். வேறு எந்தக் கடைக்கும் அது பொருந்தாது. கொடுத்தேன். கொழுந்தன் படித்துவிட்டு, செக்யூரிட்டி எல்லாம் எதற்கு என்று கேட்டான். அவள் அவன் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டாள்.

திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஷட்டருக்கு மாவிலை, மிஷினுக்குச் சந்தனம் குங்குமம், சக்கரத்தில் பூ. தெருப் பெண்கள், ஷிஃப்ட் இல்லாத ஹாஸ்டல் பெண்கள், பக்கத்து மெஸ்காரர், எதிர்ப்பக்கம் பஞ்சர் கடைக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். செக்யூரிட்டி அக்கா டியூட்டி உடுப்போடே வந்து ஓரமாக நின்றார். கற்பூரம் காட்டியதும் பாட்டைத் தொடங்கினோம். நான் எடுத்துக் கொடுக்க, எல்லாரும் திருப்பிப் பாடினார்கள். பலகை வரி வந்தபோது மாமனார் பலகையைத் தொட்டுப் பார்த்தார். தொளதொள வரிக்கு ஹாஸ்டல் பெண்கள் ராமநாதபுரத்துப் பெண்ணை முன்னால் தள்ளினார்கள், அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நாற்காலி வந்தபோது செக்யூரிட்டி அக்கா சுற்றிலும் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறோம் என்று நினைத்தவர்போல.

நன்றிகள் முடிந்தன. அடுத்தது என் வரி. சட்டை அளவு வரி. அதற்காகவே மூச்சை இழுத்து வைத்திருந்தேன். அப்போது ஓரகத்தி என் கையைத் தொட்டு நிறுத்தினாள். தாளைப் பார்க்காமல், கும்மி மெட்டிலேயே, தனியாகப் பாடினாள். அவளுக்குக் குரல் சுமார்தான்.

அக்கா மிசினுல நூலைக் கோத்தேன் – அந்த
நூலுதான் இங்கயும் ஓடுதம்மா

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இது தாளில் இல்லாத வரி என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நானே எனக்கு எழுதிக்கொண்டேன் என்று எவளாவது நினைத்துவிடப் போகிறாள் என்று ஒரு பயம் வந்தது. அதற்குள் தெருப் பெண்கள் அந்த வரியைத் திருப்பிப் பாடிவிட்டார்கள். ஹாஸ்டலில் இருக்கிற அவள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் குலவை போட்டார்கள். இந்தப் பக்கம் அதற்கு வழக்கம் இல்லை, எங்கள் தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தத்தில் நான் கண்ணைத் துடைத்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு என் வரி வந்தது. எல்லாரும் நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் அது அடங்கிப்போய்விட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு சாம்பார் காலியான பாத்திரத்தை எடுத்து வைப்பதுபோல அதைப் பாடி முடித்தோம்.

பூசணிக்காய் உடைத்து, சுண்டல் கொடுத்து, கூட்டம் கலைந்ததும் அவளிடம் கேட்டேன், அன்றைக்கு அத்தனை தடவை கேட்டேனே, அப்போதே சொல்லியிருக்கலாமே என்று. புது மிஷினின் பாபினில் நூல் சுற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஒங்களுக்குச் சொல்ல வேண்டியத ஒங்க கையாலயே எழுதச் சொல்ல முடியுமாக்கா? எனக்கு அது ஒரு மாதிரி இருந்துச்சு. அதேன் நானே வச்சுக்கிட்டேன்."

அன்றைக்கு என் மிஷினில் தைக்க உட்கார்ந்தேன். அடியில் கருநீல நூல் இருந்தது. கடைசியாகத் தைத்தபோதும் அவள் கழற்றவில்லை. வழக்கம்போல ஒரு வசவு வந்தது, வழக்கம்போலக் கழற்றினேன்.

கடையைப் பற்றிய எரிச்சல் அதற்கப்புறம் குறைந்துவிட்டது. முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். அந்தப் பச்சைப் போர்டைப் பார்த்தால் இப்போதும் லேசாக ஒரு கிள்ளு உண்டு. ஆனால் கடை நன்றாக ஓடுகிறது, ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் வாசலில் பேன்டும் கையுமாகப் பையன்கள் நிற்கிறார்கள், பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். இப்போது என் பொறாமை எல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே ஒரு வரி எழுதியவள் அவள். அதில் பெருமை இல்லை, கெஞ்சல் இல்லை, அடக்கமாக இருக்கிறோம் என்கிற காட்டிக்கொள்ளலும் இல்லை. மிஷின் இருக்கிறது, நூல் இருக்கிறது, நான் இருக்கிறேன். நான் இத்தனை காலம் எழுதியதை எல்லாம் கூட்டி வைத்தாலும் அந்த வரி எடை கூடுகிறது.

போன வாரம் ஒருவர் புது லோடு வண்டிக்குப் பாட்டுக் கேட்டு வந்தார். யார் யார் என்று வழக்கம்போலக் கேட்டு எழுதிக்கொண்டேன். எழுந்து போகிறவர் வாசலில் நின்று திரும்பினார்.

"அக்கா, ஒண்ணும் நெனச்சிக்காத. உங்க தையல் கடைப் பாட்டுல அந்த நூலு வரி வருதே, அதுமாரி ஒண்ணு வெச்சிக் குடு."

வைக்கிறேன் என்றேன். இன்னும் வரவில்லை.